மெட்டை விடுங்கள், இடது கையைக் கேளுங்கள்

அக்கா மகள் கீபோர்டு கிரேடு தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். தேர்வில் ஒரு சின்னத் துண்டை வாசித்துக் காட்டி, இது எந்தக் காலத்து இசை என்று கேட்பார்களாம். “மாமா, பரோக், கிளாசிக்கல், ரொமான்டிக், மூணையும் கேட்ட உடனே எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்றாள். அவள் நோட்டிலேயே விடை எழுதியிருந்தது. பரோக் என்றால் அலங்காரம், கிளாசிக்கல் என்றால் ஒழுங்கு, ரொமான்டிக் என்றால் உணர்ச்சி. பரீட்சைத் தாளில் எழுத இது போதும். காதுக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பாக் இசையில் உணர்ச்சி இல்லை என்று யார் சொன்னது? மொஸார்ட்டில் அலங்காரம் இல்லையா? பிராம்ஸிடம் ஒழுங்கு இல்லையா?

நான் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மெட்டை மறந்துவிடு, கீழே என்ன நடக்கிறது என்று கேள். பியானோ என்றால் இடது கை. ஆர்கெஸ்ட்ரா என்றால் செல்லோவும் டபுள் பாஸும். இந்த மூன்று காலங்களுக்கும் நடுவே உண்மையில் மாறியது அங்கேதான். மேலே ஓடும் மெட்டு நம்மை ஏமாற்றிவிடும். கீழே இருப்பது ஏமாற்றாது, அல்லது மிகக் குறைவாக ஏமாற்றும்.

தமிழ்க் காதுக்கு இது ஒன்றும் புதிதில்லை. இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் தனியாக ஒரு பாதையில் நடப்பதைக் கவனித்துக் கேட்கிறவர்கள் நம்மில் ஏராளம். அவருடைய ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பில் பாக் பெயரிலேயே ஒரு உருப்படி உண்டு. அந்தக் காதோடு வாருங்கள், போதும்.

காலக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். பரோக் ஏறக்குறைய 1600 முதல் 1750 வரை. கிளாசிக்கல் அங்கிருந்து 1820-கள் வரை. ரொமான்டிக் 19-ஆம் நூற்றாண்டின் மிச்சம் முழுவதும். 1750 என்பது பாக் இறந்த வருடம், அதனால் புத்தகங்களுக்கு வசதியான கோடு. ஆனால் அவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய பிள்ளைகள் வேறு மாதிரி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பக்கம், ராக்மானினாஃப் 1901-இல் முடித்த இரண்டாம் பியானோ கான்செர்ட்டோ ரொமான்டிக் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே வருடத்தை ரொம்பவும் நம்ப வேண்டாம்.

ஒப்பிடுவதற்கு ஒரே மாதிரியான மூன்று உருப்படிகள் வேண்டும். ஒன்றில் வயலின், ஒன்றில் பாட்டு, ஒன்றில் சிம்பொனி என்று எடுத்துக்கொண்டால் கருவியின் வித்தியாசத்தைக் கேட்போமே தவிர, காலத்தின் வித்தியாசத்தைக் கேட்க மாட்டோம். ஆகவே மூன்றுமே ஒரு விசைப்பலகைக் கருவியும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்தவை. மூன்றிலும் முதல் பகுதி மட்டும். யூடியூபில் தேட வேண்டியவை: `Bach BWV 1050`, `Mozart K. 488`, `Schumann Op. 54`. ஒவ்வொன்றும் 10 முதல் 15 நிமிடம். ஒரே ஒரு வேண்டுகோள், போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கர் அடி ஸ்தாயியைச் சரியாகத் தராது. நாம் கேட்க வந்ததே அதைத்தான். சாதாரண இயர்போன் போதும்.

முதலில் பாக். பிராண்டன்பர்க் பிரபுவுக்கு அவர் 1721 மார்ச்சில் சமர்ப்பணம் எழுதி அனுப்பிய ஆறு கான்செர்ட்டோக்களில் ஐந்தாவது இது. டி மேஜர். தனியாக முன்னால் வந்து வாசிப்பவர்கள் மூன்று பேர்: புல்லாங்குழல், வயலின், ஹார்ப்சிகார்டு. பின்னால் சின்னத் தந்திக் கூட்டம்.

ஆரம்பமே விடுகதையை அவிழ்த்துவிடும். தந்திகள் ச ச க க ப ப என்று ஒவ்வொரு ஸ்வரத்தையும் இரண்டிரண்டாகத் தட்டிக்கொண்டு மேலே ஏறும். ஏறின பிறகு நிற்குமா என்றால் நிற்காது. அதே உருவம் சிறிது மாறி, இடம் மாறி, இன்னொன்றோடு கோத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். எங்கே மூச்சு விடுவது என்று பாடிப் பார்த்தால் இடம் கிடைக்காது. இது பரோக்கின் முதல் அடையாளம். வாக்கியம் முடிவதில்லை, நூல் நூற்பதுபோல் நீண்டுகொண்டே போகிறது.

இப்போது கீழே இறங்குங்கள். செல்லோ சும்மா நிற்கவில்லை. ஏறக்குறைய அடிக்கு அடி வேறு ஸ்வரத்துக்கு நகர்கிறது. படி ஏறுகிறது, தாவுகிறது, திரும்புகிறது. அதை மட்டும் தனியாக எடுத்துப் பாடினால் அதுவே ஒரு மெட்டாக இருக்கும். மேலே ஒரு மெட்டு, கீழே ஒரு மெட்டு, இரண்டும் சம அந்தஸ்து. இந்தக் கீழ்ப் பாதைக்குத்தான் பாஸோ கான்டினுவோ என்று பெயர். செல்லோவும் ஹார்ப்சிகார்டின் இடது கையும் சேர்ந்து அதை வாசிப்பார்கள். நொட்டேஷனில் அந்தக் கீழ் வரியை ஒட்டி 6, 7 என்று எண்கள் மட்டும் போட்டிருக்கும். அந்த எண்களைப் பார்த்து, மேலே எந்தக் கார்ட் வர வேண்டும் என்று வலது கை அந்த நேரத்திலேயே தீர்மானித்துப் போடும். கார்ட் என்றால் ஒன்றாக ஒலிக்கும் மூன்று நான்கு ஸ்வரங்கள், அவ்வளவுதான். ஆக, பாஸ்தான் எஜமான். மற்றதெல்லாம் அதன் மேல் கட்டியது. பாஸ் ஓயாமல் நகர்வதால் கார்ட்டும் ஓயாமல் மாறுகிறது. பரோக் இசை சுறுசுறுப்பாகக் கேட்பதற்கு வேகம் மட்டும் காரணமில்லை. மெதுவான பகுதியில்கூட பாஸ் நடந்துகொண்டுதான் இருக்கும்.

இந்த உருப்படியில் இன்னொரு விசேஷம் உண்டு. அதுவரை கான்செர்ட்டோவில் ஹார்ப்சிகார்டு என்பது பெரும்பாலும் அந்த எண்களைப் பார்த்துப் பின்னணி போடும் கருவிதான். இங்கே முதல் சில வினாடிகளில் அதே வேலையைச் செய்துகொண்டு மறைந்திருக்கும். குழலும் வயலினும் பேச ஆரம்பித்த பிறகு மெல்ல வெளியே வரும். பிறகு அதன் ஓட்டம் கூடிக்கொண்டே போகும், மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்குவார்கள். ஆறாம் நிமிடத்தை ஒட்டி ஹார்ப்சிகார்டு மட்டும் தனியாக நிற்கும். அடுத்த மூன்று நிமிடம், 65 பார், அது மட்டும்தான். ஆர்கெஸ்ட்ரா நின்று வழிவிட்டுத் தொடங்குகிற தனி ஆவர்த்தனம் இல்லை இது. பேச்சுக்கு நடுவே ஒருவர் குரல் ஓங்கி மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிற மாதிரி நடக்கிறது.

அந்த மூன்று நிமிடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஹார்ப்சிகார்டில் தந்தியைச் சின்ன இறகு முனை ஒன்று மீட்டும். விசையை ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியென்றால் பாக் எப்படி உச்சத்துக்கு ஏற்றுகிறார்? ஸ்வரங்களைப் பெருக்குகிறார். ஒரு கட்டத்தில் ஓட்டம் இரட்டிப்பாகும், அப்போது கருவியே பெரிதானதுபோல் தோன்றும். சத்தத்தைக் கூட்ட முடியாத கருவியில் அடர்த்தியைக் கூட்டுவது என்பது அசாத்தியமான புத்தி. ஆர்கெஸ்ட்ராவிலும் இதே கதைதான். சத்தம் படிப்படியாக ஏறி இறங்குவது குறைவு. எல்லாரும் வாசித்தால் பெரிது, மூவர் வாசித்தால் சிறிது. எல்லாரும் சேரும்போது அந்த ஆரம்பப் பகுதி, முழுதாகவோ துண்டாகவோ, வேறு சுருதியில் திரும்ப வரும். அதற்கு ரிட்டொர்னெல்லோ என்று பெயர். ஹார்ப்சிகார்டின் நீண்ட தனி முடிந்ததும் அது கடைசியாக ஒருமுறை முழுதாக வந்து, அப்படியே முடிந்துவிடும்.

இனி மொஸார்ட்டுக்கு வருவோம். 65 வருட இடைவெளி, 1786 மார்ச், வியன்னா. ஏ மேஜர் கான்செர்ட்டோ. இந்த இடைவெளியில் ஒரு பெரிய காரியம் நடந்திருக்கிறது: ஹார்ப்சிகார்டு போய் பியானோ வந்துவிட்டது. ஃபுளோரன்ஸில் கிறிஸ்டோஃபோரி 1700 வாக்கிலேயே செய்துவிட்டார், ஆனால் பரவ அத்தனை காலம் ஆயிற்று. இதில் சுத்தியல் தந்தியை அடிக்கிறது. விரல் அழுத்தத்துக்கு ஏற்ப சத்தம் கூடும், குறையும். ஒரு கை பேச, இன்னொரு கை அடக்கி வாசிக்கலாம். அந்த ஒரு வசதி இடது கையின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது.

எப்படி என்று பார்க்க, கான்செர்ட்டோவுக்கு முன் ஒரு நிமிடம் மொஸார்ட்டின் `K. 545` சொனாட்டாவைப் போடுங்கள். பியானோ கற்கும் எல்லாப் பிள்ளைகளும் ஒரு கட்டத்தில் வாசிப்பது. வலது கை மெட்டு வாசிக்க, இடது கை என்ன செய்கிறது? ச ப க ப, ச ப க ப. அடுத்த பாரில் ரி ப ம ப, ச ப க ப. அவ்வளவுதான். இதைத் தனியாகப் பாடினால் மெட்டாகாது, பாட்டு டீச்சர் கொடுக்கும் பயிற்சி மாதிரி இருக்கும். ஒரே கார்ட்டைப் பிட்டுப் பிட்டுப் போட்டு அதை உயிரோடு வைத்திருக்கிறது, வேறொன்றும் சொல்லவில்லை. இதற்கு ஆல்பர்ட்டி பாஸ் என்று பெயர். பரோக்கில் எஜமானாக இருந்த பாஸ் இங்கே மெட்டுக்குத் துணையாக நிற்கிறது. முதல் பார் முழுக்க ஒரே கார்ட் என்பதையும் கவனியுங்கள். பாக் அதற்குள் நாலு இடம் மாறியிருப்பார். கேட்பவருக்கு இசை திடீரென்று காற்றோட்டமாகத் தெரிவது இதனால்தான். சிலர் இதைக் கேட்டுவிட்டு, பாக்குக்குப் பிறகு இசை எளிமையாகிவிட்டது என்று குறைப்பட்டுக்கொள்வார்கள். கார்ட் மெதுவாக மாறுவதால் கிடைத்த இடத்தில் மொஸார்ட் வேறொன்றைக் கட்டுகிறார். அதைக் கேட்கத்தான் கான்செர்ட்டோ.

முதலில் தந்திகள் மென்மையாக ஒரு மெட்டைத் தருகின்றன. விரலில் எண்ணிப் பாருங்கள். நாலு நாலாக எண்ணினால் நாலாவது பாரில் ஒரு அரைகுறை நிறுத்தம், எட்டாவதில் முழு நிறுத்தம். உடனே அதே மெட்டைக் காற்றுக் கருவிகள் வாங்கிக்கொள்ளும். அதன் பிறகுதான் எல்லாரும் சேர்ந்து சத்தமாக. இங்கே மூச்சு விட இடம் தாராளம். கேள்வி, பதில், முற்றுப்புள்ளி. அப்புறம் அடுத்த வாக்கியம். கிளாசிக்கல் இசையை வாயோடு கூடப் பாடிப் பார்த்தால் நுரையீரலே சொல்லிவிடும்.

முழு இசைக்குழுவும் அடங்கிய பிறகு, இரண்டு நிமிடம் தாண்டி, பியானோ அதே மெட்டோடு நுழைகிறது. அப்போது இடது கைக்குக் காதைக் கொடுங்கள். அடக்கமாகப் பின்னால் நிற்கும். மெட்டு முன்னே, துணை பின்னே. இங்கிருந்து இசை வீட்டை விட்டு வேறொரு சுருதிக்குக் குடிபோய், அங்கே இரண்டாவது மெட்டைச் சந்தித்து, நடுவில் கொஞ்சம் அலைந்து, பிறகு வீடு திரும்பும். போன இடத்தில் கேட்ட இரண்டாவது மெட்டை இப்போது சொந்த சுருதியிலேயே பாடும். சொனாட்டா வடிவம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். சுருதி மாற்றம் பிடிபடவில்லை என்றால் கவலை வேண்டாம், இன்னொரு சுலபமான குறி இருக்கிறது. பெரிய பகுதி ஒன்று முடியப்போகும்போது பியானோ ஓட்டமாக ஓடி, கடைசியில் இரண்டு ஸ்வரங்களை மாற்றி மாற்றி நீளமாக அதிரவிடும். டிரில் என்பார்கள். அது முடிந்த கணமே ஆர்கெஸ்ட்ரா பலமாக உள்ளே வரும். கண்டக்டர் விசில் அடித்ததும் பஸ் கிளம்புகிற மாதிரி, தவறவே தவறாது. பகுதிக்குப் பகுதி டிரில், உடனே பலமாக ஆர்கெஸ்ட்ரா என்று கேட்டால் பெரும்பாலும் கிளாசிக்கல் கான்செர்ட்டோ என்று எழுதலாம்.

ஒன்பதாம் நிமிடத்தை ஒட்டி ஆர்கெஸ்ட்ரா ஒரு கார்ட்டில் ஏறி நின்றுவிடும். முடிக்காமல், அந்தரத்தில். இனி பியானோ தனியாகக் காடென்ஸா வாசிக்கும். மறுபடி டிரில், மறுபடி ஆர்கெஸ்ட்ரா, முடிவு. பாக்கில் ஹார்ப்சிகார்டு தனியான விதத்தையும் இதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அங்கே ஓட்டத்தின் ஊடே நழுவி வந்தது. இங்கே கதவைத் திறந்துவிட்டு, வாருங்கள் என்று அழைத்து, எல்லாரும் காத்திருக்கிறார்கள். காடென்ஸாவை வாசிப்பவர் அப்போதே புனைவதுதான் வழக்கம் என்றாலும், இந்தக் கான்செர்ட்டோவுக்கு மொஸார்ட்டே எழுதி வைத்துவிட்டார்.

மூன்றாவது ஷூமன். இதில்தான் எனக்குப் பிரியம் அதிகம், அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். ஏ மைனர் பியானோ கான்செர்ட்டோ. முதல் பகுதியை 1841-இல் தனி உருப்படியாக எழுதினார், 1845-இல் இன்னும் இரண்டு பகுதிகள் சேர்த்து முடித்தார். அந்த டிசம்பரில் டிரெஸ்டனில் முதல்முதலாக வாசித்தவர் அவர் மனைவி கிளாரா. அக்காலத்தின் மிகப் பெரிய பியானோக் கலைஞர்களில் ஒருவர் அவர்.

இரண்டு நிமிட ஆர்கெஸ்ட்ரா முன்னுரையெல்லாம் இங்கே கிடையாது. ஆர்கெஸ்ட்ரா ஒரே ஒரு அடி. உடனே பியானோ உச்சியிலிருந்து கார்ட் கார்டாகக் கீழே விழும். சில வினாடிகளில் அந்த வேகம் மாயமாகிவிட, ஓபோ ஏக்கமான ஒரு மெட்டைத் தொடங்கும். அதை அப்படியே பியானோ வாங்கிக்கொள்ளும். முதல் நாலு ஸ்வரத்தை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: க ரி ச ச. சாதாரண காந்தாரம். மேற்கத்திய எழுத்துகளில், ஜெர்மானியர் வழக்கப்படி, சி எச் ஏ ஏ. கிளாராவுக்கு ஷூமன் வைத்திருந்த இத்தாலியச் செல்லப்பெயர் கியாரா. அந்தப் பெயரில் ஸ்வரமாகக்கூடிய எழுத்துகள் இவைதான் என்று பலரும் சொல்வார்கள்.

ரகசியம் இருக்கட்டும், அந்த நாலு ஸ்வரத்தைத் துரத்திப் பிடிப்பதுதான் இந்தப் பகுதியைக் கேட்கும் வழி. மொஸார்ட் இரண்டாவது மெட்டு வைத்த இடத்தில் ஷூமன் அதே மெட்டைத்தான் வைக்கிறார், ஆனால் மேஜரில், கிளாரினெட்டில். நாலரை, ஐந்து நிமிடத்தை ஒட்டி எல்லாம் நின்று, தாளமே மாறி, ஏ ஃபிளாட் மேஜர் என்கிற தூரத்துச் சுருதியில் பியானோவும் கிளாரினெட்டும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும். அங்கேயும் அந்த மெட்டுதான். கடைசியில் இரண்டடித் தாளத்தில் விறுவிறுவென்று ஒரு அணிவகுப்பு. அதுவும் அதேதான். ஒரே மெட்டு ஆள் மாறாமல் மனநிலை மட்டும் மாறிக்கொண்டே போகிறது. மூன்று பகுதிகளையும் கேட்பவர்களுக்கு இன்னொரு பரிசு: இரண்டாம் பகுதியின் முடிவில் காற்றுக் கருவிகள் அந்தத் தொடக்க ஸ்வரங்களை நினைவூட்டும், ஒருமுறை அந்தர காந்தாரத்தோடு, இன்னொருமுறை சாதாரண காந்தாரத்தோடு. அப்படியே இடைவெளி விடாமல் மூன்றாம் பகுதிக்குள் குதித்துவிடும். பகுதிக்குப் பகுதி தனித்தனிப் பெட்டி என்கிற பழைய ஏற்பாடு இங்கே உடைந்துவிட்டது.

சரி, இடது கை? ஏ ஃபிளாட் பகுதியில் கேளுங்கள். ஆல்பர்ட்டி பாஸ்போல ஐந்து விரலுக்குள் அடங்கவில்லை. அடி ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து ஒரு பெரிய வளைவாக மேலே ஏறி வருகிறது. கை போய்விட்ட பிறகும் அந்த அடி ஸ்வரம் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. பெடல்தான் காரணம். காலால் மிதித்தால் தந்திகளை அடக்கும் துண்டுகள் எல்லாம் விலகிவிடும், ஒலி ஒன்றன் மேல் ஒன்றாகப் படியும். மொஸார்ட்டின் பியானோவிலும் முழங்காலால் தள்ளும் ஒரு விசை இதற்காக இருந்தது. ஆனால் அந்தக் கருவி மரச்சட்டத்தில் செய்த, சுமார் ஐந்து ஸ்தாயி மட்டும் கொண்ட இலகுவான பெட்டி. ஷூமன் காலத்துக்குள் இரும்பு உள்ளே வந்துவிட்டது, தந்திகளை இன்னும் இறுக்கிக் கட்டலாம், ஸ்தாயியும் ஏழை நெருங்கிவிட்டது. அதனால் பாஸ் இப்போது மெட்டாகவும் நடக்கவில்லை, துணையாகவும் நிற்கவில்லை. நிறமாகப் பரவுகிறது. ரொமான்டிக் என்றதும் நான் முதலில் தேடுவது இந்தப் பரவலைத்தான்.

இன்னொன்று, வீடு திரும்பும் விஷயம். பாக்கும் மொஸார்ட்டும் அடிக்கடி ஆதார ஸ்வரத்தில் வந்து இறங்குவார்கள். நமக்கும் நிம்மதியாக இருக்கும். ஷூமன் தொடக்க அடியையே வீட்டில் வைக்கவில்லை, பஞ்சமத்தின் மேல் கட்டிய கார்ட்டில் வைத்தார். பிறகும் முடிவு வரப்போகிறது என்று நாம் நினைக்கும் இடத்தில் நழுவிப் போவார். கேட்பவரைக் காக்க வைப்பது இந்தக் காலத்தின் பெரிய கலை. பின்னால் வாக்னர் இதை எங்கேயோ கொண்டுபோய்விட்டார், அது தனிக் கதை.

இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: காலால் தாளம் போடுங்கள். பாக்கில் உங்கள் கால் மெஷின் மாதிரி நிற்காமல் ஓடும், நிறுத்துவதுதான் கஷ்டம். மொஸார்ட்டில் சீராகப் போகும், வாக்கிய முடிவுகளில் சின்ன நிறுத்தம் வரும், உடனே பிடித்துக்கொள்ளலாம். ஷூமனில் இரண்டு நிமிடத்துக்குள் கால் தப்பிவிடும். வாசிப்பவர் இழுக்கிறார், தள்ளுகிறார், ஒரு ஸ்வரத்தில் தாமதிக்கிறார். ரூபாட்டோ என்று சொல்வது இதைத்தான். மருமகளுக்குப் பரீட்சையில் உண்மையில் கைகொடுக்கப் போவது இதுதான் என்று நினைக்கிறேன். தேர்வாளர் மேசைக்குக் கீழே பார்க்க மாட்டார்.

இனி தப்பு நடக்கும் இடங்கள். கருவியை மட்டும் வைத்து முடிவு செய்வது முதல் ஆபத்து. ஹார்ப்சிகார்டு கேட்டால் பரோக் என்பது பெரும்பாலும் சரி. பியானோ கேட்டால் பரோக் இல்லை என்பது தவறு. 1950-இல் சால்ஸ்பர்க்கில் ஃபூர்ட்வாங்க்லர் இதே பிராண்டன்பர்க் ஐந்தைப் பியானோவில் வாசித்துக்கொண்டே நடத்திய பதிவு இருக்கிறது. தனிப் பகுதியில் சத்தம் ஏறி இறங்கி, தாமதித்து, அச்சு அசல் ரொமான்டிக்காகக் கேட்கும். அப்போதும் இடது கை காட்டிக்கொடுத்துவிடும். அது நடந்துகொண்டுதான் இருக்கும். மாறாக, இப்போது பழைய கருவிகளில் வாசிக்கும் குழுக்கள் பரோக் இசையை அரை ஸ்வரம் கீழே சுருதி வைத்து வாசிப்பது வழக்கம். டி மேஜர் என்று போட்டிருக்கிறதே, என் கீபோர்டில் சி ஷார்ப்போடு சேர்கிறதே என்று குழம்ப வேண்டாம். உங்கள் கீபோர்டில் கோளாறில்லை.

இரண்டாவது, சோகமாகவோ ஆவேசமாகவோ இருந்தால் ரொமான்டிக் என்று எழுதுவது. மொஸார்ட்டின் டி மைனர் கான்செர்ட்டோ, `K. 466`, 1785. இருட்டில் ஏதோ உறுமுவதுபோல் ஆரம்பிக்கும். முதல் நிமிடத்தை மட்டும் கேட்டால் 19-ஆம் நூற்றாண்டு என்று பந்தயம் கட்டத் தோன்றும். பொறுங்கள். பியானோ நுழையட்டும், வாக்கியங்கள் முற்றுப்புள்ளியோடு முடிவதைக் கேளுங்கள், டிரில் வரட்டும். மொஸார்ட்தான். வேடிக்கை என்னவென்றால் இதற்கு அவர் எழுதிய காடென்ஸா நமக்குக் கிடைக்கவில்லை, பலர் பீத்தோவன் எழுதியதை வாசிப்பார்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் மொஸார்ட் காடென்ஸாவில் மட்டும் தோள் அகன்று வேறு ஆளாகத் தெரிந்தால், உங்கள் காது சரியாகத்தான் வேலை செய்கிறது. பீத்தோவனை எந்தப் பெட்டியில் போடுவது என்று கேட்காதீர்கள். அவர் இரண்டு வீட்டிலும் ரேஷன் கார்டு வைத்திருப்பவர்.

கடைசிப் பொறி, எனக்கு மிகவும் பிடித்தது. அல்பினோனியின் அடாஜியோ என்று ஒன்று. ஜி மைனர், தந்திகளும் ஆர்கனும், படங்களில் சாவு காட்சி என்றால் உடனே தூக்கிப் போடுவது. அல்பினோனி 1751-இல் இறந்த வெனிஸ்காரர், ஆக பரோக் என்று உறைமேல் போட்டிருக்கும். ஆர்கன் பின்னணி, அடி அடியாக இறங்கும் பாஸ் எல்லாம் அதற்குச் சாட்சி சொல்லும். ஆனால் மேலே வயலின்களைக் கேளுங்கள். சத்தம் மெல்ல வீங்கி, பெரிய உச்சம் ஒன்றுக்கு ஏறி, உடைந்து, தனி வயலின் பெருமூச்சு விட்டு நிற்கிறது. கால் தாளம் போட்டுப் பாருங்கள், தப்பிவிடும். பாஸ் ஒரு காலம் சொல்கிறது, மேலே நடப்பது வேறு காலம். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று உங்களுக்குப் பட்டால் சபாஷ். இதை 1958-இல் வெளியிட்டவர் ரெமோ ஜியாஸோட்டோ என்கிற இத்தாலிய இசை ஆய்வாளர். எழுதியதும் அவரேதான் என்பது இன்று பொதுவாக ஒப்புக்கொண்ட விஷயம்.